அடித்தல் திருத்தல் உள்ள கையெழுத்துப் படிவம்: எந்த மதிப்பை மொழிபெயர்ப்பது?

ஒரு குழந்தையின் மருத்துவமனைச் சேர்க்கைப் படிவம் மொழிபெயர்ப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடைக் கட்டத்தில் 16 கிலோ என்று எழுதி, குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு, மேலே 18 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கின்றன. இரண்டு வரி கீழே ஒரு வேளைக்குப் பாராசிட்டமால் 240 மில்லிகிராம் என்று இருக்கிறது; அதை யாரும் தொடவில்லை. ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு, வேறு பேனாவால் ‘பெனிசிலின்’ என்று எழுதியிருக்கிறது. அங்கே ஒப்பம் எதுவும் இல்லை. பிறந்த மாதமோ 3-ஆ 8-ஆ என்று சட்டெனச் சொல்ல முடியாதபடி ஒரு எண்ணின் மேல் இன்னொரு எண்.

இதை மொழிபெயர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. இறுதி மதிப்பை மட்டும் எழுதுவது ஒன்று. அடித்தது, எழுதியது எல்லாவற்றையும் கண்ணில் படுகிறபடியே கொண்டுவருவது இன்னொன்று. இறுதி மதிப்பைக் கட்டத்தில் போட்டு, அடிக்கப்பட்டதை அடைப்புக்குள் குறிப்பாகத் தருவது மூன்றாவது. நான்காவது, முடிவு செய்யாமல் வேலை கொடுத்தவரிடம் கேட்பது. பெரும்பாலான வேலைக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ஆனால் எந்த வழியில் போனாலும், எது இறுதி மதிப்பு என்பதை முதலில் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கே தவறினால் நான்கு வழியும் தவறான இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

முதலில், எல்லாக் கோடும் திருத்தம் அல்ல. ‘திரு / திருமதி / செல்வி, பொருந்தாததை அடிக்கவும்’ என்று அச்சிட்ட படிவத்தில், அடிப்பதே பதில் சொல்லும் முறை. அங்கே அடிக்கப்படாமல் நிற்பதுதான் மதிப்பு. ‘அடிக்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பு எழுதினால் இல்லாத ஒரு திருத்தத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும். காலியான கட்டங்களின் மேல் குறுக்காக ஒரு நீண்ட கோடு இழுப்பதும் உண்டு. பிறகு யாரும் எதையும் சேர்க்காமல் இருக்கப் போடும் கோடு அது. அதற்குக் கீழே அழிந்துபோன மதிப்பு எதுவும் கிடையாது. 7-இன் நடுவில் சிறு கோடும், சுழியத்தின் குறுக்கே சாய்கோடும் போட்டு எழுதுகிறவர்கள் பலர். மேல்வரி எழுத்தின் வால் நீண்டு கீழ்வரி எண்ணை வெட்டுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அதே கை வேறு இடங்களில் 7 எப்படி எழுதியிருக்கிறது என்று பக்கம் முழுக்கப் பார்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

உண்மையான திருத்தம்தான் என்று தெரிந்த பிறகு, எது கடைசியாக எழுதப்பட்டது, அதற்கு யார் பொறுப்பேற்றிருக்கிறார் என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் படிவத்தின் எடைக் கட்டத்தில் இரண்டுக்கும் விடை இருக்கிறது: 18 பிறகு வந்தது, ஒருவர் ஒப்பமிட்டிருக்கிறார், தேதி இருக்கிறது. மருந்து ஆய்வுகளுக்கான ஐசிஎச் அமைப்பின் ஜிசிபி நெறிமுறை 1996-இலேயே கேட்டது இதைத்தான்: திருத்தத்தின் பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் வேண்டும், தேவைப்பட்டால் காரணம் வேண்டும், பழைய பதிவு மறைந்துபோகக் கூடாது. இப்படித் திருத்திய கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லை. தேதியை மட்டும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். திருத்தத்தின் தேதி படிவம் நிரப்பிய தேதிக்கு முந்தியதாக இருந்தால் எங்கோ குழப்பம். அப்போதும் தேதியை நாம் சரிசெய்யக் கூடாது; உள்ளபடி எழுதி, முரணைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமைக் கட்டத்தில் முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை. ‘பெனிசிலின்’ பின்னால் வந்தது என்பது தெரிகிறது, யார் எழுதினார் என்பது தெரியவில்லை. செவிலியராக இருக்கலாம், குழந்தையின் தாயாக இருக்கலாம். வேறு பேனா என்பது வேறு நேரத்தைக் காட்டலாம், வேறு ஆளைக் காட்டாது; ஒரே ஆள் இரண்டு பேனா வைத்திருப்பது சாதாரணம். எழுத்தின் சாய்வும் எண்களின் வடிவமும் பேனாவை விட நல்ல சாட்சி. அதுவும்கூட நம் மனத்தில் ஒரு கருத்தை உண்டாக்கத்தான் உதவும், மொழிபெயர்ப்பில் எழுதுவதற்கு உதவாது.

படிவம் கார்பன் வைத்து எழுதப்பட்டது என்றால் அருமையான சோதனை ஒன்று கையில் இருக்கிறது. திருத்தம் கார்பன் நகலிலும் அதே இடத்தில் பதிந்திருந்தால், தாள்கள் பிரியும் முன்பே அது எழுதப்பட்டுவிட்டது. மேல்தாளில் மட்டும் இருந்தால், பிரித்த பிறகு எழுதியது. இரண்டு தரப்பினரிடமும் ஆளுக்கொரு தாள் இருக்கிற ஆவணங்களில் இது பெரிய விஷயம், ஏனென்றால் ஒரே படிவத்துக்கு இரண்டு இறுதி மதிப்புகள் உலவிக்கொண்டிருக்கும். நமக்கு வந்தது எந்தத் தாள் என்பதை மொழிபெயர்ப்பின் தலையிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒயிட்னர் பூசிய இடம் கறுப்பு வெள்ளை நகலில் கண்ணுக்கே படாது. ஆனால் பூசியவர் எண்ணைத் திரும்ப எழுதுவாரே தவிர, கட்டத்தின் அச்சுக்கோட்டைத் திரும்ப வரைய மாட்டார். எண்ணுக்குக் கீழே ஓட வேண்டிய கோடு அந்த இடத்தில் மட்டும் அறுந்து, அப்புறம் தொடர்ந்தால், அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதைப் பார்ப்பதற்காகவே வண்ண ஸ்கேன் கேட்பது நல்லது. 300 டிபிஐ இருந்தால் பேனா மை, கோட்டின் முறிவு இரண்டும் தெரியும்.

பிறந்த மாதத்துக்கு வருவோம். எண்ணின் மேல் எண் எழுதும்போது ஒரு விதி உதவும்: பேனாவால் கோட்டைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. 3-ஐ 8 ஆக்கலாம், 1-ஐ 4 அல்லது 7 ஆக்கலாம், 0-வை 6 அல்லது 9 ஆக்கலாம். திரும்பி வருவது கடினம். 8-ஐ 3 ஆக்க நினைப்பவர் பெரும்பாலும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்; இல்லையென்றால் 3-இன் வளைவுகளை மட்டும் அழுத்தி அழுத்தி எழுதுவார். அதனால் வலது வளைவுகள் ஒரே கனத்திலும், இடப்பக்கத்தை மூடும் கோடுகள் வேறு கனத்திலும் இருந்தால், 3 முதலில், 8 பிறகு. வலது வளைவுகள் மட்டும் இரட்டிப்புக் கனமாக இருந்தால் கதை தலைகீழ். இரண்டும் தெளிவாக இல்லை என்றால் அது தெளிவாக இல்லைதான். ‘8 ஆகத்தான் இருக்கும்’ என்று எழுத நமக்கு உரிமை கிடையாது.

அடித்ததைத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. ஒருவர் ‘4 முறை’ என்பதை அடித்து ‘3 முறை’ என்று எழுதி, பிறகு 3-ஐயும் அடித்து, முதலில் அடித்த 4-இன் கீழே புள்ளிகள் வைத்துவிடுவார். அச்சுத் திருத்துகிறவர்களுக்கு இந்தப் புள்ளிகள் பழக்கமானவை: அடித்தது தவறு, உள்ளபடியே இருக்கட்டும் என்று பொருள். இதை அறியாமல் கோட்டை மட்டும் பார்க்கிறவர் இரண்டு மதிப்பும் போய்விட்டதாக நினைத்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்.

சில பழைய ஆவணங்கள் இந்தச் சிரமத்தையே தருவதில்லை. ஸ்பானிய நோட்டரி ஆவணங்களில் ஒப்பத்துக்கு முன்னால், இன்ன சொல் அடிக்கப்பட்டது செல்லாது, வரிகளுக்கிடையே எழுதிய இன்ன சொல் செல்லும் என்று ஒரு வாசகம் வரும். பிரெஞ்சு வழக்கத்தில் எத்தனை சொல் அடிக்கப்பட்டது என்று எண்ணியே எழுதுவார்கள். அப்படி ஒரு வாசகம் இருந்தால் அதையும் முழுதாக மொழிபெயர்க்க வேண்டும், கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று சொல் அடித்ததாகச் சொல்லி நான்கு அடிக்கப்பட்டிருந்தால், நான்காவதை அடித்தது யார் என்ற கேள்வி நிற்கிறது.

சரி, இப்போது வழிகளை ஒப்பிடலாம்.

இறுதி மதிப்பை மட்டும் எழுதுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும். வேலை கொடுப்பவர்களுக்கு இதுதான் பிடிக்கும். எடைக் கட்டம் போல ஒப்பமும் தேதியும் உள்ள திருத்தங்களில், மொழிபெயர்ப்பு ஒரு கணினிப் பட்டியலில் ஏற்றப்படுவதற்காக மட்டும் என்றால், இதில் தப்பே இல்லை. அங்கே கட்டம் ஒரு எண்ணைத்தான் ஏற்கும். ஆனால் ஒவ்வாமைக் கட்டத்தில் இதையே செய்து பாருங்கள். ‘பெனிசிலின்’ என்று மட்டும் எழுதினால், மருத்துவமனை உறுதி செய்த தகவல் போல அது நிற்கும். ஒப்பமில்லை என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதினால், மூலத்தில் கண் முன்னால் இருந்த எச்சரிக்கை மொழிபெயர்ப்பில் காணாமல் போகும். படிக்கும் மருத்துவருக்கு மூலத்தின் மொழி தெரியாது. அங்கே ஒரு தகராறு இருந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும். இந்த வழியின் உண்மையான குறை இதுதான். நம் தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்பதை விட, தீர்ப்பு ஒன்று நடந்ததே வெளியில் தெரியாது என்பது மோசம்.

எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவருவது நேர்மையானது. நீதிமன்றத்துக்கோ குடியுரிமை விசாரணைக்கோ போகும் ஆவணத்தில் இதைத்தான் செய்ய வேண்டும். அங்கே அடித்த மதிப்பே சாட்சியமாகலாம்; யார், எப்போது, எதை மாற்றினார் என்பதுதான் வழக்கே. இதில் பலர் மாட்டிக்கொள்வது வடிவமைப்பில். சொற்செயலியில் 16-க்கு நடுக்கோடு போட்டுப் பக்கத்தில் 18 என்று எழுதுவார்கள். திரையில் அழகாகத் தெரியும். அந்தக் கோப்பை யாரோ வெறும் உரையாக நகலெடுத்து வேறொரு பெட்டியில் ஒட்டுவார்கள், கோடு போய்விடும், ‘16 18 கிலோ’ என்று நிற்கும். இடைவெளியும் போனால் 1618. மருந்தளவில் இப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் அடித்தலைக் கோடாகக் காட்டுவதை நம்பவே கூடாது. வேண்டுமானால் கோட்டையும் போடுங்கள், ஆனால் சொல்லாலும் சொல்லுங்கள். இதில் இன்னொரு சங்கடம், படிக்கிறவர் களைத்துப்போவார். திருத்தம் நிறைந்த நான்கு பக்கப் படிவத்தை இப்படிக் கொடுத்தால், எடை என்ன என்று தேடுகிற மருத்துவர் மூன்று எண்களுக்கு நடுவில் நிற்பார்.

மூன்றாவது வழி இவை இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொள்கிறது. கட்டத்தில் முதலில் நிற்பது இறுதி மதிப்பு. அதன் பின்னால் சதுர அடைப்புக்குள் குறிப்பு. வளைவு அடைப்பு கூடாது, ஏனென்றால் படிவத்தை எழுதியவரே வளைவு அடைப்பைப் பயன்படுத்தியிருக்கலாம். எது அவருடையது, எது நம்முடையது என்று தெரியாமல் போகும். நம் படிவம் இப்படி அமையும்:

எடை: 18 கிலோ [முன்பு எழுதிய ‘16’ ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டுள்ளது, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும்]

மருந்தளவு: பாராசிட்டமால் 240 மி.கி. [திருத்தம் இல்லை]

ஒவ்வாமை: பெனிசிலின் [‘இல்லை’ என்பது அடிக்கப்பட்டு, மேலே வேறு நிற மையில் எழுதப்பட்டுள்ளது, ஒப்பமோ தேதியோ இல்லை]

பிறந்த மாதம்: [ஓர் எண்ணின் மேல் மற்றோர் எண், 3 அல்லது 8]

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். இறுதி மதிப்பு என்று ஒன்றைச் சொல்ல முடியாத இடத்தில் கட்டத்தில் எண்ணே வைக்கவில்லை. ‘8 [3 ஆகவும் இருக்கலாம்]’ என்று எழுதினால் படிக்கிறவர் 8-ஐ எடுத்துக்கொண்டு போய்விடுவார், குறிப்பைப் படிக்க மாட்டார்.

குறிப்பின் வாசகத்திலும் கட்டுப்பாடு வேண்டும். கண்ணால் பார்த்ததை எழுதலாம்: கோடு, மை, ஒப்பம், இடம். ‘மருத்துவர் திருத்தியுள்ளார்’, ‘பின்னர் சேர்க்கப்பட்டது’, ‘தவறுதலாக எழுதப்பட்டது’ என்பவை எல்லாம் ஊகம். ‘வேறு நிற மை’ என்பதைக்கூட வண்ண ஸ்கேன் இருந்தால்தான் சொல்லலாம். அடிக்கப்பட்டது படிக்கவே முடியாதபடி கிறுக்கப்பட்டிருந்தால், ‘அடிக்கப்பட்ட ஒரு சொல், படிக்க இயலவில்லை’ என்று விட்டுவிட வேண்டும். பாதி எழுத்தை வைத்து முழுச் சொல்லைக் கட்டக் கூடாது. திருத்தங்கள் மிக அதிகம் என்றால் அடைப்புகளை அடிக்குறிப்புகளாகக் கீழே இறக்கிவிடலாம். ஆனால் ஒவ்வாமை, மருந்தளவு, பிறந்த தேதி போன்றவற்றின் குறிப்பு மட்டும் கட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்தின் அடி வரை எல்லோரும் போவதில்லை.

இந்த 240-இல் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். 16 கிலோவுக்கு அது சரியாக 240. 18 கிலோவுக்கு 270 வந்திருக்க வேண்டும். ஆகவே மருந்தளவு முதலில் எழுதிய 16-ஐ வைத்து எழுதப்பட்டிருக்கலாம், எடை திருத்தப்பட்டபோது இது திருத்தப்படாமல் விட்டுப்போயிருக்கலாம். எது முதலில் எழுதப்பட்டது என்பதற்கு இது நல்ல உள்ளாதாரம். ஆனால் குழந்தையின் எடை உண்மையில் என்ன என்பதை இது சொல்லாது. முதலில் எழுதியது சரியாக இருந்து, திருத்தம் தப்பாகப் போயிருக்கவும் இடமுண்டு. மருத்துவர் வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்திருக்கவும் கூடும். எனவே 240-ஐ 270 ஆக்குவதும், ‘மருந்தளவு 16-க்குப் பொருந்துவதால் எடை 16’ என்று தீர்மானிப்பதும் இரண்டும் அத்துமீறல். ஒன்றோடொன்று பொருந்துகிற எண்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசை மொழிபெயர்ப்பாளரிடம் இயல்பாகவே வரும், ஏனென்றால் பொருளோடு பொருளைப் பொருத்துவதே அவர் அன்றாட வேலை. திருத்தப்பட்ட படிவத்தில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. கோடும் ஒப்பமும்தான் மதிப்பைத் தீர்மானிக்க வேண்டும்; பொருத்தம் பார்ப்பது கேள்வி எழுப்ப மட்டும்.

நான்காவது வழி, கேட்பது. இதைத் தனி வழியாக எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை கொடுத்தவர் பெரும்பாலும் படிவத்தை எழுதியவர் அல்ல. ‘எடை 16-ஆ 18-ஆ?’ என்று கேட்டால் அவருக்கும் நம்மிடம் இருக்கிற அதே ஸ்கேன்தான். ‘நீங்களே பார்த்துப் போடுங்கள்’ என்று பதில் வரும், அல்லது அவருக்கு வசதியான எண் வரும். இரண்டாவது இன்னும் ஆபத்து, அதை மொழிபெயர்ப்பில் ஏற்றினால் பொறுப்பு நம் தலையில். அதனால் மதிப்பைக் கேட்காமல் ஆதாரத்தைக் கேட்க வேண்டும்: வண்ண ஸ்கேன், பின்பக்கம், கார்பன் நகல், சுருக்கொப்பங்கள் யாருடையவை என்று காட்டும் பட்டியல். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. திருத்தத்துக்கான காரணம் சில நேரம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வியை மொழிபெயர்ப்போடு சேர்த்தே, ஆனால் தனித் தாளில் அனுப்புவேன். ‘பக்கம் 1, எடை: 18 என்று திருத்தப்பட்டு ஒப்பமிடப்பட்டுள்ளது. அதே பக்கத்தில் மருந்தளவு 240 மி.கி. என்பது கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 16 கிலோவுக்குப் பொருந்துகிறது. மருந்தளவு திருத்தப்படாமல் விட்டதா என்பதை மருத்துவமனையிடம் உறுதி செய்துகொள்ளவும்.’ இந்த வாக்கியங்கள் மொழிபெயர்ப்புக்குள் போகக் கூடாது, ஏனென்றால் இது படிவத்தில் இல்லாத கணக்கு. தனித் தாளில் அவசியம் இருக்க வேண்டும், ஏனென்றால் மூலத்தின் மொழி தெரிந்த ஒருவர் இந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் படிக்கிற கடைசித் தருணம் இதுவாக இருக்கலாம். பிறந்த மாதத்துக்கும் இதே முறைதான். கூடவே வந்த கடவுச்சீட்டில் மாதம் 8 என்று பளிச்சென்று இருந்தாலும், படிவத்தின் மொழிபெயர்ப்பில் ‘3 அல்லது 8’ என்றே இருக்கும். கடவுச்சீட்டில் 8 என்று இருப்பது கேள்வித் தாளில் ஒரு வரியாகப் போகும்.